ஃபிரிட்ஜில் வைத்த கசாயம் எத்தனை நாள் தாங்கும்?

அலோர் ஸ்டார் பக்கம் டெங்கிப் பேச்சு கிளம்பினால் போதும், நம் வீடுகளில் நிலவேம்புப் பொடி வெளியே வந்துவிடும். மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்று வீட்டோரத்தில் வளர்க்கும் அதே செடிதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நிலவேம்புக் குடிநீர்ப் பொடியில் அது தனியாக வருவதில்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவற்றோடு சேர்ந்து வருகிறது. மொத்தம் 9 சரக்குகள்.

கசாயம் போடுவது யாருக்கும் பெரிய காரியமில்லை. போட்டது மிஞ்சும்போதுதான் சிக்கல். வேலைக்குப் போகும் வீட்டில் காலையும் மாலையும் அடுப்படியில் நிற்க யாருக்கு நேரம்? ஞாயிற்றுக்கிழமை பெரிய சட்டியில் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, வாரம் முழுக்கக் குடிக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. ஃபிரிட்ஜ் இருக்கும்போது என்ன கவலை என்ற நினைப்புதான்.

சித்த மருத்துவம் இந்த விஷயத்தில் கறார். அகமருந்துகள் 32 வகை. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சொல்லப்பட்டிருக்கிறது. சூரணத்துக்கு 3 மாதம். சாறு, கற்கம், குடிநீர் போன்றவற்றுக்கு ஒரே ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். கசாயம் என்று நாம் சொல்வது இந்தக் குடிநீரைத்தான். தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீர் வழங்கும்போது காய்ச்சிய சில மணி நேரத்துக்குள் குடித்துவிடச் சொல்வதும் இதனால்தான். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துக் கணக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம் போலத் தெரியும். ஆனால் அந்த 3 மணி நேரத்துக்கு இன்றைக்கும் பொருந்தும் காரணம் உண்டு.

மருந்துச் சரக்கில் பாதி வேரும் கிழங்கும். மண்ணிலிருந்து பிடுங்கிக் காயவைத்தவை. எவ்வளவு கழுவினாலும் மண்ணில் வாழும் பாசிலஸ் வகைக் கிருமிகளின் வித்துகள் அவற்றில் ஒட்டியிருக்கும். கொதிக்கும் கசாயத்தில் சாதாரணக் கிருமிகள் செத்துவிடும். இந்த வித்துகள் சாகாது. உறங்கிக்கிடக்கும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் விழித்துக்கொள்ளும். அதிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கும் வரை உள்ள இடைவெளிதான் அவை பெருகும் களம். அலோர் ஸ்டாரில் பகலில் அடுப்படியின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். அங்கே மூடிவைத்த கசாயம் மணிக்கணக்கில் அந்தக் களத்திலேயே கிடக்கிறது. கசக்கிற மருந்தில் கிருமி எப்படி வளரும் என்று கேட்பவர்கள் உண்டு. கசப்பு நம் நாக்குக்குத்தான். பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் அது ஒரு தடையே இல்லை.

ஃபிரிட்ஜ் செய்வது ஒன்றுதான்: வளர்ச்சியை மெதுவாக்குகிறது. ஏற்கெனவே பெருகிவிட்டதைக் குறைப்பதில்லை. எனவே கசாயத்தின் ஆயுள் நாம் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்த நேரத்திலிருந்து தொடங்கவில்லை, அடுப்பை அணைத்த நேரத்திலிருந்தே ஓடுகிறது. இரவு 9 மணிக்கு இறக்கி, ஆறட்டும் என்று அடுப்பு மேலேயே விட்டுத் தூங்கிப்போய், காலை 6 மணிக்குப் பாட்டிலில் ஊற்றினால், அது ஃபிரிட்ஜுக்குள் போகும்போதே 9 மணி நேரப் பழசு. சாமக் கணக்கில் 3 சாமம். அதற்குமேல் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பதில் அர்த்தமில்லை. அதைக் கொட்டிவிடுவதே நல்லது.

சரியாகச் செய்தால் எப்படி என்று ஒரு வீட்டுக் கணக்கில் பார்ப்போம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை. பொடி 10 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. தண்ணீர் 400 மில்லி. மெல்லிய தீயில் வைத்துக் கால் பங்காகச் சுண்டவிட்டால் 100 மில்லி கிடைக்கும். கொதி அடங்கியதும் வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்த வடிகட்டியில் வடித்துவிட வேண்டும். சக்கையை உள்ளேயே ஊறவிட்டால் சத்து இறங்கும் என்று சிலர் விடுவார்கள். அதில் இறங்குவது பெரும்பாலும் சுக்கின் மாவும் கிழங்கின் மாவும்தான். அந்த மாவு கிருமிக்கு நல்ல தீனி.

காலை வேளைக்கு 50 மில்லியை வெதுவெதுப்பாகக் குடித்துவிடலாம். மிச்சம் 50 மில்லியை எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்தை ஐஸ் போட்ட தண்ணீர்த் தட்டில் வைத்தால், இவ்வளவு சிறிய அளவு சில நிமிடங்களிலேயே ஆறிவிடும். கொதிநீரில் அலசிய சிறு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மூடி, ஃபிரிட்ஜின் உள்தட்டில் பின்பக்கம் வைக்க வேண்டும். கதவுத் தட்டு வேண்டாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் சூடேறுவது அதுதான். பால் வைக்கும் இடத்தில் கசாயத்தை வைத்துவிட்டு, கெட்டுப்போச்சு என்று ஃபிரிட்ஜைக் குறை சொல்வது நியாயமில்லை.

இப்படி வைத்த பாட்டில் அன்று மாலை வரை சந்தேகமில்லாமல் நன்றாக இருக்கும். 24 மணி நேரம் வரை நான் தயங்காமல் ஒப்புக்கொள்வேன். 48 மணி நேரம் கடைசி எல்லை. அதுவும் உடனே குளிரவைத்து, இடையில் திறக்காமல் இருந்தால் மட்டும். சமைத்த குழம்பை மூன்று நான்கு நாள் வைக்கிறோமே என்று கேட்கலாம். குழம்பு நலமாக இருப்பவருக்கு, கசாயம் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு. அந்த வித்தியாசத்துக்காகவே கணக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். குழந்தைகள், வயதானவர்கள், கீமோ போன்ற சிகிச்சையில் இருப்பவர்கள் என்றால் அன்று காய்ச்சியதை அன்றே முடித்துவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நிலவேம்பே வேண்டாம் என்பதால் அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

தேன், பனைவெல்லம், பனங்கற்கண்டு எதுவானாலும் டம்ளரில் ஊற்றிய பிறகு போடுங்கள். பாட்டிலில் இனிப்பு சேர்த்தால் ஈஸ்ட்டுக்கு விருந்து வைத்த மாதிரிதான். பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தால் எச்சில் உள்ளே போகும். அந்தப் பாட்டிலை மறுவேளைக்கு வைக்கக்கூடாது.

கெட்டதைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கெடாததைக் கெட்டது என்று நினைக்காமலும் இருக்க வேண்டும். பலர் தடுமாறுவது இரண்டாவதில்தான். ஃபிரிட்ஜில் ஒரு இரவு இருந்த கசாயத்தை எடுத்துப் பார்த்தால் கலங்கலாக இருக்கும், அடியில் பழுப்பு வண்டல் தங்கியிருக்கும், நிறம் கறுத்திருக்கும். மூன்றும் கெட்டுப்போனதன் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. துவர்ப்புச் சத்துகள் சூட்டில் கரைந்திருக்கும், குளிரில் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிந்து நிற்கும். ஆறிப்போன கெட்டித் தேநீர் மங்கலாவதும் இதனால்தான். காற்றுப் பட்டுத் துவர்ப்புச் சத்து கறுப்பதும் சாதாரணம்.

சந்தேகம் வந்தால் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்து, வெந்நீர் நிரப்பிய கிண்ணத்துக்குள் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சூடேற ஏற மங்கல் தெளிந்தால் அது குளிரின் வேலை. அடியில் மண் நிறத்தில் நிற்பது வடிகட்டியில் தப்பிய பொடியாக இருக்கலாம். சூடாக்கியும் பால் கலந்தாற்போல் கலங்கியே நின்றால், நேற்றைவிட இன்று கலங்கல் கூடியிருந்தால், அதை நம்பாதீர்கள்.

மற்ற அடையாளங்களுக்குச் சோதனையே தேவையில்லை. மூடியைத் திருகும்போது ‘உஸ்’ என்று காற்று வந்தால், ஓரத்தில் சிறு குமிழிகள் ஏறினால், ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டது. மேலே வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ மெல்லிய ஆடை படர்ந்திருந்தால் பூஞ்சையோ ஈஸ்ட்டோ வந்துவிட்டது. அந்த ஆடையை எடுத்துவிட்டுக் குடிக்கலாம் என்பது தப்பு. பாட்டிலைச் சாய்த்தால் தண்ணீராக ஓடாமல் நூல் மாதிரி வழுவழுப்பாக இழுத்தால் அதையும் கொட்டிவிட வேண்டும். வாசனையில் நிலவேம்பின் பச்சைக் கசப்பும் சுக்கின் காரமும் மேலே வர வேண்டும். புளித்த மாவு வாடையோ, கள் வாடையோ, ஈரத்துணி வாடையோ வந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. நாக்கில் வைத்துச் சோதிக்கவே வேண்டாம். நிலவேம்பின் கசப்பு புளிப்பை அப்படியே மூடிவிடும்.

இந்த அடையாளங்கள் எதுவும் இல்லை என்பதால் கசாயம் நல்லது என்று முடிவு கட்டவும் முடியாது. லிஸ்டீரியா போன்ற சில கிருமிகள் ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரும். கலங்கலும் காட்டாது, நாற்றமும் காட்டாது. எனவே மூக்கைவிட மணிக்கணக்கையே நம்ப வேண்டும்.

“திரும்பக் கொதிக்கவைத்துவிட்டால் சரியாகிவிடும்” என்பது பரவலான நம்பிக்கை. குளிரில் ஒழுங்காக வைத்த கசாயத்தைச் சுடவைத்துக் குடிப்பது சரிதான். வெளியே நெடுநேரம் கிடந்ததற்கு இது பொருந்தாது. மாவுள்ள உணவில் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும்போது வாந்தி வரவைக்கும் ஒரு நஞ்சைச் சுரக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நஞ்சு அழியாது. குடித்த 1 மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். ஏற்கெனவே காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு அந்த வாந்தி மருந்தால் வந்ததா, நோயால் வந்ததா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. டெங்கியில் விடாத வாந்தி ஆபத்தின் அறிகுறி. டெங்கிச் சந்தேகம் இருந்தால் கசாயத்தை நம்பி வீட்டில் இருக்காமல் கிளினிக்குக்கோ சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ போய் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

கடையில் பாட்டிலில் விற்கும் கசாயம் மாதக்கணக்கில் நிற்கிறதே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதில் சோடியம் பென்சோயேட் போன்ற பதப்படுத்தி சேர்ந்திருக்கும். அரிஷ்ட வகைகளில் நொதித்து உண்டான ஆல்கஹாலே காவல். மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்து என்றால் லேபிளில் MAL என்று தொடங்கி T என்று முடியும் எண் இருக்கும். திறந்த பிறகு எத்தனை நாள் என்பதை அந்த லேபிள்தான் சொல்ல வேண்டும். வீட்டுக் கசாயத்துக்கு அந்தக் காவல் எதுவும் கிடையாது.

வாரத்துக்கு மொத்தமாகத்தான் செய்ய வேண்டும் என்றால் காய்ச்சாதீர்கள், அளந்து வையுங்கள். பொடியை 10 கிராம் வீதம் ஏழு சிறு பொட்டலமாகக் கட்டி, ஈரம் படாத டப்பாவில் போட்டுவிட்டால் தினமும் காலையில் ஒரு பொட்டலம், 400 மில்லி தண்ணீர், முக்கால் மணி நேரம் மெல்லிய தீ. மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்தால் பாட்டிலில் ஒரு தாளை ஒட்டி, அடுப்பை அணைத்த நாளையும் மணியையும் எழுதிவிடுங்கள். 48 மணி நேரம் தாண்டியிருந்தால் மோந்து பார்க்க வேண்டாம், தொட்டியில் ஊற்றிவிடுங்கள்.