இன்ஷியலில் சிக்கும் பயிற்சிச் சான்றிதழ்

அஸ்தினாபுரத்தில் ஒரு கணக்கு அலுவலகம். இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவி ஒருவர் அங்கே 2025 மே 2 முதல் 31 வரை இன்டர்ன்ஷிப் முடித்திருந்தார். உரிமையாளர் தமிழிலேயே சான்றிதழ் தர விரும்பினார். கையில் இருந்தது ஒரு பெரிய கம்பெனியின் ஆங்கில மாதிரி. அதை ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்யும் பையனிடம் கொடுத்தார். வந்த தாளை என்னிடம் நீட்டி, "சார், படிச்சா மூச்சு வாங்குது" என்றார்.

மூச்சு வாங்கியதற்குக் காரணம், தாள் முழுவதும் ஒரே வாக்கியம். மாணவி, கல்லூரி, துறை, தேதி, மேற்பார்வையாளர் எல்லாம் வரிசையாக வந்து, ஐந்தாவது வரியில் "வெற்றிகரமாக நிறைவு செய்துள்ளார் என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது" என்று முடிந்தது. ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும், விவரங்களைப் பின்னால் தொங்கவிடலாம். தமிழில் வினைக்காகக் கடைசி வரை காத்திருக்க வேண்டும். அதோடு, சான்றளிப்பவர் யார் என்பதே காணாமல் போய்விடுகிறது.

மூன்றாக உடைத்தோம். "இவர் எங்கள் அலுவலகத்தில் 2.5.2025 முதல் 31.5.2025 வரை பணிப்பயிற்சி பெற்றார். 26 வேலை நாட்களில் 24 நாட்கள், நாளுக்கு 6 மணி நேரம் வீதம் 144 மணி நேரம் வந்தார். இதைச் சான்றளிக்கிறோம்." 'வெற்றிகரமாக' போய்விட்டது. 144 மணி நேரம் என்ற எண்ணே கல்லூரிக்கு வேண்டியது.

பையன் இன்டர்ன்ஷிப்பை 'தொழிற்பழகுநர் பயிற்சி' என்று எழுதியிருந்தது அதைவிடப் பெரிய தவறு. தொழிற்பழகுநர் என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் பதிவு செய்து, உதவித்தொகை பெற்றுப் பழகுபவரைக் குறிக்கும் சொல். ஒரு மாதப் பயிற்சிக்கு அதைப் போட்டால் சான்றிதழ் உண்மையல்லாததைச் சொல்லிவிடும். பணிப்பயிற்சி போதும்.

ஆனால் என்னை உண்மையில் கலங்க வைத்தது பெயர் வரிதான். மாணவியின் அப்பா பெயர் செல்வராஜ். ஆங்கில மாதிரியில் நிரப்பிக் கொடுத்திருந்த 'எஸ்' என்ற இன்ஷியலைப் பையன் அப்படியே 'எஸ்.' என்று தட்டியிருந்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்துவரச் சொன்னேன். அதில் தமிழில் 'செ.' என்று இருந்தது. அரசு ஆவணங்களில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டது. அது நல்ல முடிவு. ஆனால் ஆங்கில மாதிரியைப் பார்த்துத் தமிழாக்குபவருக்கு அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் எந்தப் பெயர் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? 'எஸ்' என்பது செ., சு., ச., சி. என எதுவாகவும் இருக்கலாம். ராமசாமியின் மகன் ஒரு தாளில் ஆர்., இன்னொன்றில் ரா., மூன்றாவதில் இரா. என்று மூன்று ஆளாகிவிடுகிறான். நாளை சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் "இது நீங்கதானாம்மா?" என்று கேட்டால், அந்தப் பெண் யாரைப் போய்த் திருத்தச் சொல்வாள்? அதற்குள் அலுவலகமே இடம் மாறியிருக்கலாம்.

வெளிமாநிலத்தில் வேலை தேடுபவருக்கு ஆங்கிலச் சான்றிதழே உதவும் என்பார்கள். அதையும் ஒரு பிரதி கொடுக்கட்டும். குரோம்பேட்டைக் கடைக்காரரிடம் வேலை கேட்பவருக்குத் தமிழ்த் தாள் பேசும்.

மாதிரியில் பரிந்துரையும் ஒட்டியே இருந்தது. நேர்மையானவர், கடின உழைப்பாளி, நன்னடத்தை உள்ளவர். எல்லோருக்கும் இதேதான். நன்னடத்தை என்றதும் சிறையிலிருந்து முன்கூட்டி விடுதலையானவர் நினைவுக்கு வருகிறார். சான்றிதழ் நடந்ததைச் சொல்வது, பரிந்துரை எழுதுபவரின் கருத்தைச் சொல்வது. இரண்டையும் தனித்தனித் தாளாக்கினோம். "இந்தப் பொண்ணு என்னதான் செஞ்சுது?" என்று உரிமையாளரைக் கேட்டேன். ஒரு கணம் யோசித்தவர், கடகடவென்று சொன்னார். அதையே எழுதினோம்: "ஏப்ரல் மாதக் கொள்முதல் பில்களைப் பதியும்போது, ஜிஎஸ்டி எண் பிழையாக இருந்த 11 பில்களைத் தானே கண்டுபிடித்து எங்களிடம் காட்டினார். தெரியாததைக் கேட்டுத்தான் செய்வார். கணக்கர் பணிக்கு இவரைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்." கையெழுத்துக்குக் கீழே பெயர், பதவி, தொலைபேசி எண். கூப்பிட்டுக் கேட்க வழியில்லாத பரிந்துரையை யார் மதிப்பார்?

சான்றிதழ் தரும் சிறு அலுவலகத்தாரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முத்திரை வைக்கும் முன் மாணவரின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை வாங்கி, தமிழில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.