எரிந்த டிரான்ஸ்பார்மருக்கு மறு சுற்று

பழைய ஆம்ப்ளிஃபயர்களில் வரும் 12-0-12 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரையே எடுத்துக்கொள்வோம். பிரைமரியில் மீட்டர் எந்தத் தொடர்பும் காட்டவில்லை என்றால், பிரிக்கும் முன் மேல் டேப்பை மட்டும் அறுத்துப் பாருங்கள். பல டிரான்ஸ்பார்மர்களில் அதன் அடியில் பிரைமரியுடன் தொடராக ஒரு வெப்ப ஃபியூஸ் இருக்கும். அது மட்டும் போயிருந்தால் அதே வெப்ப அளவுள்ள இன்னொன்றை வைத்தால் முடிந்தது. கம்பியே கருகியிருந்தால்தான் மறு சுற்று.

ஸ்டாம்பிங் தகடுகள் வார்னிஷில் ஒட்டியிருக்கும். முதல் தகடுதான் அடம் பிடிக்கும். மெல்லிய கத்தியை இடையில் விட்டு மெதுவாகத் தட்டினால் கழன்றுவிடும், மற்றவை தானாக வரும். ஒன்றையும் வளைக்கக் கூடாது, தொலைக்கவும் கூடாது.

வெளியே இருக்கும் செகண்டரி பெரும்பாலும் கருகாமல் தப்பித்திருக்கும். பாபினைச் சுற்றும் மெஷினில் மாட்டி, பின்பக்கமாகச் சுழற்றி எண்ணுங்கள். நம் டிரான்ஸ்பார்மரில் ஒரு பாதிக்கு 64 சுற்று வந்தது. பிரைமரி கருகி ஒட்டிக்கொண்டதால் எண்ண முடியாது. அதை இரும்பைக் கொண்டு கணக்கிட வேண்டும். தகட்டின் நடுக் காலின் அகலம் 25.4 மி.மீ., அடுக்கின் உயரம் 32 மி.மீ. தகடுகளுக்கு இடையிலான பூச்சைக் கழித்தால் நிகர இரும்பு 7.5 சதுர செ.மீ. சாதாரண சிலிக்கான் தகட்டுக்கு, 50 ஹெர்ட்ஸில், 37.5-ஐ இந்தப் பரப்பால் வகுத்தால் வோல்ட்டுக்கு 5 சுற்று. ஆகவே 230 வோல்ட்டுக்கு 1150 சுற்று. எண்ணிய 64-ஐ 5-ஆல் வகுத்தால் 12.8 வோல்ட், லோடு ஏறும்போது அது 12-க்கு இறங்கும். இரண்டு கணக்கும் பொருந்துகின்றன. பொருந்தாவிட்டால் கம்பியைத் தொடாதீர்கள். எங்கோ தவறாக அளந்திருக்கிறோம்.

கேஜை எனாமலைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். எனாமலோடு அளந்தால் ஒரு கேஜ் கூடுதலாகத் தெரியும். மொத்தச் சக்தி 48 வோல்ட்-ஆம்பியர் என்பதால், இழப்பையும் சேர்த்துப் பிரைமரியில் ஓடுவது கால் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. சதுர மி.மீ.க்கு 3 ஆம்பியர் என்று கொண்டால் 30 கேஜ் போதும். செகண்டரிக்கு 19 கேஜ் போட்டால் இன்னும் குளிர்ச்சியாக ஓடும் என்று தோன்றும். ஆனால் பாபினின் 35 மி.மீ. அகலத்தில் அது ஐந்து அடுக்காகி, தகட்டு ஜன்னலை அடைத்துவிடும். 20 கேஜ் நான்கு அடுக்கில் அடங்கி, இன்சுலேஷனுக்கும் இடம் விடும். எனக்கு 20-தான் சரி. இன்சுலேஷனைக் குறைத்துத் தடித்த கம்பியைத் திணிப்பவர்கள் ஆபத்தைக் கட்டுகிறார்கள்.

பிரைமரியில் அடுக்குக்கு நூறு சுற்று விழும். ஒவ்வொரு அடுக்கின் மேலும் மெல்லிய இன்சுலேஷன் தாள் ஒன்று, பாபினின் இரு விளிம்பையும் தொடும் அகலத்தில். பெரும்பாலான கோளாறு இங்கேதான் நடக்கிறது: தாள் குறுகலாக இருந்தால் ஓரச் சுற்று நழுவிக் கீழ் அடுக்கின் மேல் விழும், சில மாதங்களில் அங்கே ஷார்ட் ஆகும். வெளியே வரும் நுனிகளில் தடித்த ஒயரைப் பற்ற வைத்து ஸ்லீவ் மாட்டுங்கள். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே பாலியெஸ்டர் தாள் மூன்று சுற்று. இங்கே இன்சுலேஷன் உடைந்தால் 230 வோல்ட் ஆம்ப்ளிஃபயரின் பெட்டிக்கே வந்துவிடும். செகண்டரியில் 64-வது சுற்றில் நடு இணைப்பை எடுத்து, திசை மாற்றாமல் அடுத்த 64-ஐத் தொடருங்கள். திசை மாறினால் இரு முனைக்கும் நடுவே 24-க்குப் பதில் பூஜ்யம் காட்டும்.

தகடுகளை எதிரெதிராக மாற்றிமாற்றி அடுக்குங்கள். ஓரிரண்டை வெளியே விட்டாலும் உறுமல் கூடும். வார்னிஷுக்கு முன்பே சோதிக்க வேண்டும், பிறகு பிரிக்க முடியாது. முதலில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து, செகண்டரியைத் திறந்து விட்டு இணைப்பைக் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஒரு சுற்று ஷார்ட். எரியாவிட்டால் நேரடியாகக் கொடுத்து, இரு பாதியிலும் 12.8-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்த்து, ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பு சரி, சூடு சரியல்ல. இணைப்பைப் பிடுங்கிய பின், 500 வோல்ட் மெகரால் பிரைமரிக்கும் செகண்டரிக்கும், பிரைமரிக்கும் இரும்புக்கும் நடுவே சோதியுங்கள்.

பிறகு அடுப்பில் 100 டிகிரியை ஒட்டி இரண்டு மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்குங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே வார்னிஷில் முக்குங்கள். குமிழி நின்றால்தான் உள்ளே இறங்கியிருக்கிறது என்று பொருள். நன்றாக வடிய விட்டு, அந்த வார்னிஷின் டப்பாவில் சொன்ன சூட்டில் காய வையுங்கள். காய்ந்ததும் இன்னொரு முறை மெகர்.

மாட்டும் முன் பழையது ஏன் எரிந்தது என்று பாருங்கள்: பெரும்பாலும் ஷார்ட் ஆன டையோடு அல்லது ஃபில்டர் கண்டென்சர். அதை மாற்றி, பிரைமரியில் 500 மில்லி ஆம்பியர் மெதுவாக உருகும் ஃபியூஸைப் போடுங்கள். ஒயர்த் துண்டைச் சுற்றி ஒப்பேற்றாதீர்கள்.