ரூபன் திரும்பி வந்தபோது குழி காலி

ஒரு பிள்ளையைச் சிலர் தொடர்ந்து சீண்டும்போது வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும் சுற்றி நிற்கிறார்கள். அது தவறென்று அவர்களில் பலருக்குத் தெரியும். என்ன சொல்வது, யாரிடம் போவது என்பதுதான் தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்க ஆதியாகமம் 37-ஆம் அதிகாரத்தில் வரும் யோசேப்பின் கதை உதவும்.

கதை

யோசேப்புக்கு 17 வயது. அப்பா யாக்கோபு அவனுக்கு மட்டும் பலவருண அங்கி கொடுத்ததில் அண்ணன்மாருக்குப் பொறாமை. தோத்தானுக்குத் தனியே வந்தவனைப் பிடித்து, அங்கியைக் கழற்றி, தண்ணீரில்லாத குழியில் போட்டார்கள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூத்தவன் ரூபன், தம்பியைக் கொல்ல விடவில்லை. பின்னால் ரகசியமாக மீட்டுவிடலாம் என்று நினைத்தான். அவன் இல்லாத நேரத்தில் 20 வெள்ளிக்காசுக்குத் தம்பியை விற்றுவிட்டார்கள்.

பிள்ளைகளிடம் கேளுங்கள்: "ரூபன் நல்லதைத்தான் நினைத்தான். வேறென்ன செய்திருக்கலாம்?" அப்போதே இன்னொரு அண்ணனைத் துணைக்குச் சேர்த்திருக்கலாம், தம்பியை விட்டு அகலாமல் இருந்திருக்கலாம், அப்பாவிடம் ஆள் அனுப்பியிருக்கலாம் என்ற பதில்கள் வரும். "யோசேப்பு தான் கண்ட கனவை அண்ணன்மாரிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டானே" என்று யாராவது சொன்னால், அதற்காக ஒருவனைக் குழியில் தள்ளக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

சொல்லிப் பழக வேண்டியவை

திக்கிப் பேசும் ஒரு மாணவனைப் பள்ளி வேனில் தினமும் இருவர் பேசிக்காட்டிக் கேலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அவன் சொல்லலாம்: "நிறுத்து. எனக்கு இது பிடிக்கலை." திருப்பித் திட்டாமல், அடிக்காமல், இடம் மாறி ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காரலாம். பேச பயமாக இருந்தால் பேசாமலே எழுந்து போகலாம்; அதில் வெட்கமில்லை.

பார்ப்பவர் சிரிக்கக் கூடாது. "டேய், விடு. நீ வா, என் பக்கத்தில உட்காரு" என்றால் போதும். அடிதடியானால் நடுவில் போகாமல் பெரியவரை அழைக்க வேண்டும்.

அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்: "மிஸ், வேன்ல ரெண்டு பேர் தினமும் இவனைக் கேலி பண்றாங்க. இன்னைக்கும் நடந்தது." யார், எங்கே, எப்போது, எத்தனை முறை என்பது அதில் இருக்கட்டும். அவர் கவனிக்காவிட்டால் தலைமை ஆசிரியர், அப்பா, அம்மா என்று அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். ஆபத்திலிருக்கும் பிள்ளைக்காகப் பேசுவது கோள் சொல்வதாகாது.

ஆசிரியர் கவனத்துக்கு

நடித்துக் காட்டும்போது கேலிக்கு ஆளாகும் பாத்திரத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். "இங்கே யாரை இப்படிச் செய்கிறார்கள்?" என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், தனியே வந்து சொல்ல நேரம் கொடுங்கள்.

சீண்டியவரையும் சீண்டப்பட்டவரையும் உடனே கைகுலுக்க வைத்து முடித்துவிடாதீர்கள். யோசேப்பு தன் அண்ணன்மாரிடம் தன்னை வெளிப்படுத்தியது ஏறக்குறைய 22 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவும் தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாகிறேன் என்று அந்த அண்ணன்மாரில் ஒருவனான யூதா முன்வந்த பிறகுதான். சீண்டல் நிற்க வேண்டும், செய்தவர் பொறுப்பேற்க வேண்டும். மன்னிப்பைப் பிறகு பேசலாம்.

பள்ளியில் சொல்ல முடியாத பிள்ளைக்கு இந்தியாவில் 1098, இலங்கையில் 1929 என்ற சிறுவர் உதவி எண்கள் உண்டு. பாடம் முடிந்ததும் உங்கள் நாட்டு எண்ணைக் கரும்பலகையில் எழுதி, எல்லாரையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.