சிறிய ஆய்வு, பெரிய விளைவு

ஒரு மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், அதைச் சோதிக்கும் ஆய்வில் அந்த உண்மை வெளிப்படுவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? இந்த வாய்ப்பைப் புள்ளியியலில் ஆய்வின் திறன் என்பார்கள். ஆராய்ச்சியாளர்களின் பேச்சில் அது ‘பவர்’. 80 சதவீதத் திறன் உள்ள ஓர் ஆய்வை நூறு தடவை நடத்த முடிந்தால், ஏறக்குறைய எண்பது தடவை விளைவு பிடிபடும். மீதித் தடவைகளில் நழுவிவிடும். எத்தனை பேரைச் சேர்த்தால் திறன் அந்த அளவுக்கு வரும் என்று ஆய்வு தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்வதுதான் பவர் கணக்கு.

இந்தக் கணக்குக்கு நான்கு விவரங்கள் வேண்டும். தற்செயலான வேறுபாட்டை மருந்தின் பலன் என்று நம்பிவிடும் அபாயத்தை எவ்வளவு வரை பொறுத்துக்கொள்வது என்பது ஒன்று. வழக்கமாக 5 சதவீதம். வேண்டிய திறன் இன்னொன்று; 80 அல்லது 90 சதவீதம். மருந்து இல்லாதபோது நிலைமை எப்படி இருக்கும் என்பது மூன்றாவது. இதைப் பழைய பதிவுகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நான்காவதுதான் சிக்கலானது: எவ்வளவு பெரிய விளைவைத் தேடுகிறோம்? அதற்கு எந்த அட்டவணையிலும் விடை கிடையாது. ஆய்வாளரேதான் முடிவு செய்ய வேண்டும்.

மாரடைப்புக்கு மருத்துவமனையில் சேர்வோரில் நூற்றுக்கு 8 பேர் இறக்கிறார்கள் என்று கொள்வோம். புதிய மருந்து அதை 4 ஆகக் குறைக்கும் என்று எதிர்பார்த்தால், மருந்து பெறும் குழுவில் சுமார் 550 பேரும் பெறாத குழுவில் அதே அளவும் இருந்தால் 80 சதவீதத் திறன் கிடைத்துவிடும். மருந்து 8ஐ 7 ஆக மட்டுமே குறைக்கும் என்றால் குழுவுக்கு ஏறக்குறைய 10,900 பேர் வேண்டும். தேடும் வேறுபாடு பாதியாகச் சுருங்கினால் தேவைப்படும் ஆட்கள் சுமார் நான்கு மடங்காகப் பெருகுவார்கள் என்பதே இந்தத் தாவலுக்குக் காரணம். நூற்றுக்கு ஓர் உயிர் என்பது அற்பமான பலன் அல்ல. மாரடைப்பு போன்ற பரவலான நோயில் அது ஆயிரக்கணக்கான உயிர்கள். ஆனாலும் 21,800 நோயாளிகளைத் திரட்டுவது எளிதில்லை என்பதால், பலன் பெரிதாக இருக்கும் என்று நம்பி ஆயிரம் பேரோடு நிறுத்திக்கொள்ளும் ஆசை எழுகிறது.

அப்படி நிறுத்தினால் என்ன ஆகும்? உண்மையான பலன் 8லிருந்து 7 என்றும், குழுவுக்கு 500 பேர் என்றும் கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த ஆய்வின் திறன் 9 சதவீதம்தான். பத்தில் ஒன்பது முறை ஒன்றும் தெரியாமல் போகும் என்பது வரை எல்லோரும் எதிர்பார்ப்பதே. மீதியுள்ள அந்த ஒரு முறையில்தான் விபரீதம் இருக்கிறது. இத்தனை சிறிய ஆய்வில் இரண்டு குழுக்களுக்கும் இடையே நூற்றுக்கு 3.3 பேராவது வேறுபட்டால்தான் அதைத் தற்செயல் அல்ல என்று ஏற்பார்கள். உண்மை வேறுபாடோ 1. ஆக, ஆய்வு உண்மையான விடையையே சொன்னாலும் அது தேறாது. மருந்துக் குழுவில் தற்செயலாக இறப்பு குறைந்துபோனால் மட்டுமே தேறும். பெரிய கண்ணுள்ள வலையில் சிக்கிய மீன்களை மட்டும் அளந்தால், கடலில் சிறிய மீனே இல்லை என்று தோன்றும், இதுவும் அப்படித்தான். மருந்துக்குச் சாதகமாகத் தேறும் முடிவுகளின் சராசரி வேறுபாடு சுமார் 4. அதாவது நூற்றுக்கு ஓர் உயிரைக் காக்கும் மருந்து, இறப்பைப் பாதியாக்கும் மருந்து என்று பத்திரிகையில் வெளியாகும். தேறும் முடிவுகளில் ஏறத்தாழ இருபதில் ஒன்று, மருந்தே உயிரைப் பறிக்கிறது என்று தலைகீழாகவும் சொல்லும். ஆண்ட்ரூ கெல்மனும் ஜான் கார்லினும் 2014இல் எழுதிய கட்டுரை இந்த இரண்டு பிழைகளையும், அளவில் பிழை என்றும் திசையில் பிழை என்றும், தனித்தனியே கணக்கிடக் காட்டியது.

இங்கே யாரும் மோசடி செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அளந்தது சரி, கணக்கும் சரி. தேறியதை வெளியிட்டு, தேறாததை மேசை இழுப்பறையில் வைக்கும் பழக்கம் ஒன்றே இதற்குப் போதும்.

மாரடைப்பு சிகிச்சையில் மக்னீசியத்தின் கதை இதற்கு நல்ல சான்று. நரம்பு வழியே மக்னீசியம் செலுத்திய ஏழு சிறிய ஆய்வுகளை 1991இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மக்னீசியம் பெற்ற 657 பேரில் 25 பேரும், பெறாத 644 பேரில் 53 பேரும் இறந்திருந்தார்கள். இறப்பு பாதிக்கும் கீழே. மறு ஆண்டு பிரிட்டனின் லெஸ்டர் நகரில் 2,316 பேரிடம் நடந்த லிமிட்-2 ஆய்வு, பலன் 24 சதவீதம் என்றது. ஆய்வு பெரிதானதும் பலன் சுருங்கத் தொடங்கியதே ஓர் அறிகுறி. இன்னொரு அறிகுறி அந்த 24க்குப் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது: உண்மைப் பலன் 1 சதவீதத்துக்கும் 43 சதவீதத்துக்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற நம்பக எல்லை. இப்படி அகலமாக விரிந்து, பூஜ்யத்தை மயிரிழையில் தாண்டி நிற்கும் எல்லையைக் கண்டால், நடுவில் உள்ள எண்ணை அப்படியே நம்பக்கூடாது.

மிதமான பலனையும் காட்டக்கூடிய பெரிய, எளிய ஆய்வுகளே தேவை என்று ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் பீட்டோவும் ரோரி காலின்ஸும் வாதிட்டு வந்தார்கள். அவர்கள் ஈடுபட்ட ஐஸிஸ்-4 ஆய்வு 58,050 பேரைச் சேர்த்து 1995இல் வெளியானது. ஐந்து வாரத்தில் மக்னீசியக் குழுவில் 7.64 சதவீதம் பேரும் மற்றக் குழுவில் 7.24 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். பலனே இல்லை. மருந்தைத் தாமதமாகக் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று ஆதரவாளர்கள் மறுத்தார்கள். நியாயமான கேள்விதான். அதற்கென்றே, விரைவாக மருந்து கொடுத்து 6,213 பேரிடம் நடந்த மேஜிக் ஆய்வு 2002இல் வெளிவந்தது. இறப்பு 15.3 சதவீதம், 15.2 சதவீதம். விவகாரம் ஏறக்குறைய அத்துடன் ஓய்ந்தது.

பவர் கணக்கு போட்டுவிட்டாலே இதிலிருந்து தப்பிவிடலாம் என்றும் இல்லை. முந்தைய சிறிய ஆய்வில் வந்த எண்ணையே எதிர்பார்க்கும் விளைவாக எடுத்துக்கொண்டால், ஊதிப்போன எண் அடுத்த ஆய்வையும் சிறியதாக்கிவிடும். 1991இன் மக்னீசியத் தொகுப்பை நம்பி ஒருவர் கணக்குப் போட்டிருந்தால், குழுவுக்குச் சுமார் 450 பேர் போதும் என்றே விடை வந்திருக்கும். கிடைக்கக்கூடிய நோயாளிகளின் எண்ணிக்கையை முதலில் வைத்து, அதற்குப் பொருந்தும் விளைவைப் பின்னால் தேடிப் பிடிப்பதும் நடப்பதுண்டு. விண்ணப்பப் படிவத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆய்வு முடிந்தபின் கிடைத்த விளைவைக் கொண்டே திறனைக் கணக்கிடுவது இன்னும் வீண் வேலை. 5 சதவீத எல்லையில் சரியாக வந்து நிற்கும் எந்த முடிவும் இந்தக் கணக்கில் சுமார் 50 சதவீதத் திறன் என்றே காட்டும். அதில் புதிய தகவல் ஏதும் இல்லை.

ஆகவே, கணக்கில் இடவேண்டியது எதிர்பார்க்கும் விளைவு அல்ல, சிகிச்சையை மாற்றும் அளவுக்கு மதிப்புள்ள மிகச் சிறிய விளைவு. நூற்றுக்கு ஓர் உயிர் போதும் என்றால் அந்த ஒன்றுக்கே கணக்கு. அவ்வளவு பேர் கிடைக்காத அரிய நோய்களில் பல மருத்துவமனைகள் ஒரே திட்டத்தின்கீழ் சேர்ந்து ஆய்வு நடத்தலாம். அதுவும் முடியாதபோது சிறிய ஆய்வையே நடத்தலாம். ஆனால் திட்டத்தை முன்பே பதிவு செய்து, தேறினாலும் தேறாவிட்டாலும் முடிவை நம்பக எல்லையோடு வெளியிட வேண்டும். எல்லா முடிவுகளும் வெளிவந்தால், சிறிய ஆய்வுகளின் சராசரி உண்மையைவிட்டு விலகாது.