வைஃபை 7: இரண்டு இணைப்பு என்றால் இரட்டிப்பு வேகமா?

வைஃபை 7 ரவுட்டர் பெட்டிகளில் பிஇ3600 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விநாடிக்கு 2,882 மெகாபிட், 2.4 கிகாஹெர்ட்ஸில் 688 மெகாபிட். இரண்டையும் கூட்டினால் 3,570. அதைத்தான் 3,600 என்று முழுமையாக்கிப் போடுகிறார்கள். முந்தைய தலைமுறை ரவுட்டர்களிலும் இப்படிக் கூட்டிப் போட்டார்கள். ஆனால் ஒரு போன் ஒரு சமயத்தில் ஒரு அலைவரிசையில்தான் இணைந்திருக்கும் என்பதால், அந்தக் கூட்டுத்தொகை எந்தப் போனுக்கும் கிடைத்ததில்லை.

வைஃபை 7-இல் வந்திருக்கும் 'மல்டி லிங்க் ஆபரேஷன்', சுருக்கமாக எம்எல்ஓ, இதை மாற்றுகிறது. போனும் ரவுட்டரும் ஒரே இணைப்பின் கீழ் இரண்டு அலைவரிசைகளை வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் வேகம் இரட்டிப்பாகுமா? பெரும்பாலான வீடுகளில் ஆகாது.

காரணம் நம் கையில் இருக்கும் கருவிதான். இரண்டு அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் வேண்டுமென்றால் தனித்தனியாக இரண்டு ரேடியோ வேண்டும். அதற்கு இடமும் மின்சாரமும் செலவு. ரவுட்டருக்கு அது சிரமமில்லை. லேப்டாப்பில் வரும் இன்டெல் பிஇ200 போன்ற கார்டுகள் இஎம்எல்எஸ்ஆர் என்ற சிக்கனமான வழியைப் பிடிக்கின்றன. கார்டின் இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்று ஒரு அலைவரிசையையும், இன்னொன்று மற்றதையும் கவனித்துக்கொண்டிருக்கும். எந்தப் பக்கம் காற்று காலியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ரவுட்டர் ஒரு சிறிய முன்னறிவிப்பு அனுப்பும். உடனே இரண்டு ஆன்டெனாவும் அங்கே திரும்பி, முழு வேகத்தில் டேட்டாவை வாங்கும். முடிந்ததும் பழையபடி பிரிந்து காவல் காக்கும். டிக்கெட் கவுன்டரில் இரண்டு வரிசையில் ஆள் போட்டு, எது முதலில் நகர்கிறதோ அதில் வாங்கிக்கொள்வதைப் போன்றது இது. டிக்கெட் இரண்டாகாது, காத்திருப்புதான் குறையும்.

காத்திருப்பு குறைவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு ரவுட்டரும் நம்முடையதும் ஒரே சேனலில் இருந்தால், ஒன்று பேசும்போது மற்றது வாய்மூடி இருக்க வேண்டும். வீடியோ காலில் குரல் விட்டுவிட்டு வருவது பல நேரம் இதனால்தான்.

200 மெகாபிட் பிராட்பேண்ட் வைத்திருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். அதே அறையில் இருக்கும் லேப்டாப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே 200-ஐத் தாராளமாகத் தாண்டிக் கொடுக்கும். எனவே ஸ்பீடு டெஸ்டில் எம்எல்ஓ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே எண்தான் வரும். பார்க்க வேண்டியது வேறு. மாலையில் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில், விண்டோஸ் லேப்டாப்பில் ரவுட்டரின் முகவரிக்கே இதை ஓட்டிப் பாருங்கள். உங்கள் ரவுட்டரின் முகவரி வேறாக இருந்தால் அதைப் போடுங்கள்.

```
ping -n 100 192.168.1.1
```

கடைசியில் வரும் சராசரியை விட்டுவிட்டு Maximum எண்ணைப் பாருங்கள். சராசரி 4 மில்லிவிநாடியாக இருந்து, அதிகபட்சம் 150, 200 என்று எகிறினால் நெரிசல் வீட்டுக் காற்றில் இருக்கிறது. எம்எல்ஓவைப் போட்டும் நிறுத்தியும் சில முறை ஓட்டினால், அது உதவுகிறதா என்பது தெரிந்துவிடும். அதிகபட்சமும் சிறிதாகவே இருந்து, காலில் மட்டும் தடங்கல் வந்தால் கோளாறு ரவுட்டருக்கு அப்பால். எந்த வைஃபையும் அதைச் சரிசெய்யாது.

எந்த இரண்டு அலைவரிசைகள் சேர்கின்றன என்பதும் முக்கியம். 5-உம் 6-உம் சேர்ந்தால் இரண்டுமே அகலமான சாலைகள். இந்தியாவில் 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதம்தான் வந்தன. பிஇ3600 வகை ரவுட்டர்களில் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே கிடையாது. அவற்றில் 5-உடன் சேர்வது நெரிசல் மிகுந்த 2.4. வேகத்துக்கு அது பெரிதாக உதவாது. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் தடுமாறும் கான்கிரீட் சுவருக்கு அப்பால், பின்கட்டுக்கோ பால்கனிக்கோ போனோடு நடந்தால், மீண்டும் இணையும் இடைவெளி இல்லாமல் 2.4-க்கு மாற முடியும். நான் இதைத்தான் போனுக்குக் கிடைக்கும் நிஜமான லாபமாகக் கருதுகிறேன்.

எம்எல்ஓவுக்கு WPA3 பாதுகாப்பு கட்டாயம். வீட்டின் ஒரே வைஃபையை WPA3-க்கு மட்டும் மாற்றினால் பழைய பிரிண்டரும் ஸ்மார்ட் பல்பும் இணையாமல் நின்றுவிடும். எம்எல்ஓவுக்குத் தனிப் பெயரில் ஒரு நெட்வொர்க் வைத்துவிட்டு, பழைய கருவிகளைப் பழைய பெயரிலேயே விட்டுவிடுவது நல்லது.

இரண்டு ரவுட்டர்களை மெஷ்ஷாக வைத்திருக்கும் வீட்டில் நிலைமை வேறு. இரண்டும் பிளக்கில் இருப்பவை, பேட்டரிக் கவலை இல்லை, தனித்தனி ரேடியோக்களும் உண்டு. அவற்றுக்கு இடையிலான இணைப்பில் வேகங்கள் உண்மையாகவே கூடும். கேபிள் இழுக்க முடியாத வீடுகளுக்கு இதற்காகவே வைஃபை 7 மெஷ் வாங்கலாம். ஆனால் மாடி ரவுட்டரிலிருந்து கீழ் ரவுட்டருக்குப் போன் தாவும்போது வரும் சிறு தடங்கல் அப்படியே இருக்கும். அதைப் போக்கும் வேலை, தயாராகிவரும் வைஃபை 8-க்கு விடப்பட்டிருக்கிறது.