கிலோவுக்கு இரண்டு ரூபாய்

காங்கேயம் வட்டாரத்தில் புதிதாக ஒருவர் தேங்காய் எண்ணெய் மில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கும். விற்பனை 10 சதவீதம் குறைந்தால் என்ன ஆகும், விலை 10 சதவீதம் இறங்கினால் என்ன, செலவு 10 சதவீதம் ஏறினால் என்ன என்று அது சொல்லும். இதற்கு உணர்திறன் பகுப்பாய்வு என்று பெயர். பெரும்பாலும் யாரும் அதைப் படிப்பதில்லை. ஆடிட்டர் போட்டுத் தருகிறார், மேனேஜர் கையெழுத்துப் போடுகிறார், கடன் வந்துவிடுகிறது. ஆனால் தொழிலில் போடும் பணம் எந்த இடத்தில் கரையும் என்பது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, படிக்கத் தெரிந்தால்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். எண்கள் எல்லாம் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை, வரியை விட்டுவிட்டேன். கட்டடம், எக்ஸ்பெல்லர், பில்டர், ஆரம்பச் சரக்கு எல்லாம் சேர்த்து முதலீடு 80 லட்சம். ஒரு கிலோ எண்ணெய்க்கு 1.6 கிலோ கொப்பரை வேண்டும். கொப்பரை கிலோ 150 ரூபாய் என்றால் 240 ரூபாய் அதற்கே போகிறது. பிண்ணாக்கு விற்று 16 ரூபாய் திரும்பி வரும். கரண்ட், கூலி, டின், லாரி என்று கிலோவுக்கு 12 ரூபாய். எண்ணெயை மொத்த வியாபாரிக்கு 250 ரூபாய்க்குக் கொடுத்தால் கையில் நிற்பது 14 ரூபாய். ஆண்டுக்கு 2 லட்சம் கிலோ விற்றால் 28 லட்சம். அதில் சம்பளம், பராமரிப்பு, இன்சூரன்ஸ் போன்ற நிலையான செலவு 10 லட்சம் போக, மீதி 18 லட்சம்.

இந்த 18 லட்சம் பத்து ஆண்டுக்கு வரும். ஆனால் பத்தாம் ஆண்டில் வரும் ரூபாய்க்கு இன்றைய ரூபாயின் மதிப்பு கிடையாது. ஆண்டுக்கு 12 சதவீதம் கழித்துப் பார்த்தால் அத்தனையும் சேர்ந்து இன்றைக்கு 101.7 லட்சத்துக்குச் சமம். அதிலிருந்து முதலீடு 80 லட்சத்தைக் கழித்தால் 21.7 லட்சம். இதுதான் நிகர இன்றைய மதிப்பு, ஆடிட்டர் வாயில் என்.பி.வி. எக்செல்லில் ஒரே வரி:

```
=PV(12%,10,-18)-80
```

பூஜ்யத்துக்கு மேலே நின்றால் போட்ட பணம் 12 சதவீதத்துக்கு மேல் சம்பாதிக்கிறது என்று பொருள். இப்போது ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கலாம், மற்றவற்றைத் தொடாமல்.

விற்பனை அளவு 10 சதவீதம் குறைந்தால் என்.பி.வி. 5.9 லட்சமாக இறங்கும். அடிதான், ஆனால் மில் பிழைத்துக்கொள்ளும். நிலையான செலவு 10 சதவீதம் ஏறினால் 16 லட்சம் நிற்கும். எண்ணெய் விலை 10 சதவீதம் இறங்கினால்? கழித்தல் 260.8 லட்சம். கொப்பரை விலை 10 சதவீதம் ஏறினால் கழித்தல் 249.5 லட்சம்.

விற்பனைக்கும் விலைக்கும் ஏன் இத்தனை தூரம்? நூறு கிலோ விற்க வேண்டிய இடத்தில் தொண்ணூறு விற்றால், விற்காத பத்துக் கிலோவுக்குக் கொப்பரையும் வாங்கியிருக்க மாட்டோம். போனது அந்தப் பத்துக் கிலோவின் 14 ரூபாய்கள் மட்டும். விலை இறங்கினால் அப்படியில்லை. நூறு கிலோவுக்கும் செலவு செய்து முடித்த பிறகு ஒவ்வொரு கிலோவிலும் 25 ரூபாய் போகிறது. ஆகவே எந்தத் தொழிலிலும், உற்பத்தியோடு சேர்ந்து ஏறி இறங்கும் செலவு கொஞ்சமாவது இருந்தால், அளவைவிட விலையே என்.பி.வி.யை அதிகம் அசைக்கும். இடைவெளி எவ்வளவு என்பதுதான் தொழிலுக்குத் தொழில் மாறும். 250 ரூபாய்ச் சரக்கில் 14 ரூபாய் நிற்கும் தொழிலில் அது பயங்கரமான இடைவெளி.

இதையே திருப்பிக் கேட்கலாம்: என்.பி.வி. பூஜ்யமாக எது எவ்வளவு அசைய வேண்டும்? விற்பனை 13.7 சதவீதம் விழ வேண்டும். எண்ணெய் விலை 0.77 சதவீதம் இறங்கினால் போதும், அதாவது கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. எக்செல்லில் `Goal Seek` இதைக் கண்டுபிடித்துத் தரும். எனக்கு 10 சதவீத அட்டவணையைவிட இந்தக் கேள்விதான் பிடிக்கும். இரண்டு ரூபாய் இறங்குமா இறங்காதா என்று வியாபாரியால் சொல்ல முடியும். கழித்தல் 260 லட்சம் என்ற எண்ணை வைத்து அவர் என்ன செய்வார்?

அந்த எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. எண்ணெய் 225 ரூபாய்க்கு வந்து, கொப்பரை மட்டும் 150-லேயே பத்து ஆண்டு நிற்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. கிலோவுக்கு 11 ரூபாய் கைநட்டத்தில் எவரும் பத்து ஆண்டு மில் ஓட்ட மாட்டார். மோட்டாரை நிறுத்திவிட்டு மெஷினை விற்பார். போட்ட 80 லட்சத்துக்கு மேல் பெரிதாக நட்டம் போகாது. தவிர, கொப்பரையும் எண்ணெயும் தனித்தனியாக நகர்வதே அபூர்வம். 2025-இல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது எண்ணெய் விலையும் கூடவே ஏறியது. ஒன்றை அசைத்து இன்னொன்றைக் கட்டிப்போடும் முறைக்கு இங்கே கண் தெரிவதில்லை.

ஆகவே இந்தத் தொழிலில் அசைத்துப் பார்க்க வேண்டியது இரண்டுக்கும் நடுவே நிற்கும் வித்தியாசத்தை. கொப்பரை 15 ரூபாய் ஏறினால் எண்ணெயின் அடக்கம் 24 ரூபாய் ஏறும். சந்தை 22 ரூபாய் ஏற்றிக் கொடுத்தது என்று வையுங்கள். விடுபட்ட இரண்டு ரூபாயில் என்.பி.வி. பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது, கழித்தல் 0.9 லட்சம்.

இன்னொரு வரி அட்டவணையில் இருப்பதே இல்லை: எண்ணெய்ப் பிடிப்பு. நூறு கிலோ கொப்பரைக்கு 62.5 கிலோ எண்ணெய் என்பது நம் கணக்கு, 6 சதவீத ஈரத்தில். வாங்கிய கொப்பரையில் ஈரம் 7.5 சதவீதம் இருந்தால், நூறு கிலோவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 61.5 கிலோதான். ஒரே ஒரு கிலோ குறைவு. ஆனால் ஈரத்துக்கும் கொப்பரை விலையையே கொடுத்திருப்பதால் ஒரு கிலோ எண்ணெயின் அடக்கம் 3.90 ரூபாய் ஏறுகிறது, ஆண்டுக்கு 7.8 லட்சம். என்.பி.வி. கழித்தல் 22.4 லட்சம். விற்பனை பத்தில் ஒரு பங்கு விழுந்தபோதுகூடத் தாங்கிய மில் இதைத் தாங்கவில்லை. நன்றாகக் காய்ந்த கொப்பரை ஒடித்தால் 'டப்'பென்று உடையும், ஈரமானது வளைந்து கொடுக்கும். கொள்முதலில் நிற்கும் அனுபவசாலிகள் இதைக் கையாலேயே பார்த்துவிடுவார்கள். அரை சதவீத வித்தியாசம் கைக்குத் தெரியாது. அதற்கு ஈரமானி வேண்டும்.

இதே மெஷினை அரவைக் கூலிக்கு மட்டும் ஓட்டினால் படம் மாறிவிடும். கொப்பரையும் பிண்ணாக்கும் எண்ணெயும் கொண்டுவருபவருடையது. கிலோ எண்ணெய்க்கு 26 ரூபாய் கூலி, 12 ரூபாய் செலவு. நிற்பது அதே 14. என்.பி.வி.யும் அதே 21.7 லட்சம். ஆனால் கூலி 7.4 சதவீதம் இறங்கினால்தான் பூஜ்யத்தைத் தொடும், முன்பு 0.77 சதவீதமே போதுமாக இருந்தது. கொப்பரை விலை என்ற வரியே அட்டவணையில் இல்லை. விற்பனை அளவுக்கான எல்லை அதே 13.7 சதவீதம், கவலை இப்போது அந்தப் பக்கம் திரும்புகிறது. ஆண்டுக்கு 3.2 லட்சம் கிலோ கொப்பரையைத் தாங்களாகவே மூட்டை கட்டிக் கொண்டுவர அந்த வட்டாரத்தில் ஆட்கள் இருக்கிறார்களா என்பதை, கடனுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய் விசாரிக்க வேண்டியிருக்கும்.