ஒரு நிமிட மூச்சுப் பயிற்சி: எண்ணிக்கையும் எல்லையும்

கைப்பேசித் திரையில் ஒரு நீல வட்டம் மெல்ல விரிகிறது. நடுவில் 'உள்ளே' என்ற சொல், அதன் கீழே 4, 3, 2, 1. வட்டம் சுருங்கத் தொடங்கும்போது 'வெளியே' என்ற சொல்லும் 6 முதல் 1 வரையான எண்களும் வருகின்றன. யூடியூப் ஷார்ட்ஸிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் இப்படிப்பட்ட மூச்சுப் பயிற்சி வீடியோக்கள் நிறையக் கிடைக்கின்றன. பார்க்க எளிமையாக இருந்தாலும், நன்றாகச் செய்த வீடியோவில் நொடிக்கு நொடி கணக்கு இருக்கும். கீழே எழுதும் குறிப்பிலும் அதே கணக்கு வேண்டும்.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். நான்கு நொடி உள்ளே, ஆறு நொடி வெளியே என்று எண்ணினால் ஒரு சுற்றுக்குப் பத்து நொடி ஆகிறது. அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வெளிமூச்சு ஏன் நீளமாக இருக்க வேண்டும்? மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது சற்று மெதுவாகும். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டால் சிலரால் இந்த ஏற்ற இறக்கத்தை விரலிலேயே உணர முடியும். துடிப்பு மெதுவாகும் பகுதியை நீட்டித் தருவதுதான் இந்தப் பயிற்சியின் அடிப்படை.

வேறு கணக்குகளும் உண்டு. இழு, நிறுத்து, விடு, நிறுத்து என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு நொடி தருவது 'பாக்ஸ்' முறை. 4-7-8 முறையில் ஏழு நொடி மூச்சை அடக்க வேண்டும். திருமந்திரம் பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, இரேசகத்துக்கு 32 மாத்திரை என்று கணக்குச் சொல்கிறது. அது குருவிடம் படிப்படியாகப் பழக வேண்டியது. ஒரு நிமிட வீடியோவை யார் பார்க்கிறார்கள், அவர்கள் உடல்நிலை என்ன என்பது செய்தவருக்குத் தெரியாது. ஆகவே மூச்சை அடக்கும் பகுதியே இல்லாத 4-6 கணக்குதான் இங்கே பொருந்தும். நேரமும் அதற்குத்தான் ஒத்துவருகிறது. 4-7-8 முறையில் ஒரு சுற்றுக்கு 19 நொடி. மூன்று சுற்றுக்கு 57 நொடி போய்விட்டால் எச்சரிக்கை சொல்ல மூன்று நொடிதான் மிஞ்சும்.

அறுபது நொடியை இப்படிப் பிரிக்கலாம். முதல் ஆறு நொடி முன்குறிப்பு: 'உட்கார்ந்து செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்துங்கள்.' ஆறாவது நொடியில் முதல் 'உள்ளே', பத்தாவது நொடியில் முதல் 'வெளியே', பதினாறில் இரண்டாம் சுற்று. அப்படியே 26, 36, 46 என்று போய் ஐந்தாம் சுற்று 56-இல் முடியும். மிச்சமுள்ள நான்கு நொடியில் 'இனி இயல்பாக இருங்கள்' என்ற வரி. ஷார்ட்ஸ் தானாகவே மறுபடி ஓடும். அப்போது கடைசி நான்கு நொடியும் முதல் ஆறு நொடியும் சேர்ந்து பத்து நொடி இளைப்பாறல் ஆகிவிடும்.

தவறு பெரும்பாலும் எண்களில்தான் நேர்கிறது. 4, 3, 2, 1 ஒவ்வொன்றும் முழுதாக ஒரு நொடி திரையில் நிற்க வேண்டும். 1-க்குப் பிறகு 0-வும் ஒரு நொடி வந்தால் நான்கு நொடி ஐந்தாகிவிடும். நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் வீடியோவில் உள்மூச்சுக்கு 120 ஃபிரேம், வெளிமூச்சுக்கு 180. சுற்றுக்குச் சுற்று அழகுக்காக அரை நொடி மாற்றக் காட்சியைச் செருகினால், ஐந்தாம் சுற்று தொடங்கும்போது எழுத்து இரண்டு நொடி பின்தங்கியிருக்கும். சீரான தாளத்தில் எண்ணும் குரல் ஒரு சொல் சொல்ல, திரை வேறொன்றைக் காட்டும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. வீடியோவை 46-ஆவது நொடியில் நிறுத்திப் பாருங்கள். 'உள்ளே' என்ற சொல்லும் 4 என்ற எண்ணும் தெரிய வேண்டும்.

எழுத்தைப் படிக்கவும் நேரம் வேண்டும். 'வெளியே' என்பது பத்தாவது நொடியில் திடீரென்று தோன்றினால், பார்ப்பவர் படித்துப் புரிந்து மூச்சை மாற்றுவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடும். 1 என்ற எண் நிற்கும்போதே அடுத்த சொல்லை மங்கலாகக் காட்டிவிட்டால் இந்தத் தடுமாற்றம் இராது. சொற்களைத் திரையின் நடுவில் வைக்க வேண்டும். அடியில் தலைப்பும் வலப்புறம் பொத்தான்களும் மறைக்கும். பலர் ஒலியில்லாமல் பார்ப்பார்கள், சிலர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். எழுத்தும் குரலும் இரண்டுமே வேண்டும்.

இனி, கீழே எழுதும் குறிப்பு. 'தினமும் ஒரு நிமிடம் போதும், பிரஷர் மாத்திரைக்கு வேலையில்லை' என்பதுபோல் ஒரு வரி இருந்தால் அதிகம் பேர் பார்ப்பார்கள். ஆனால் அதை எழுத ஆதாரம் இல்லை. மெதுவான மூச்சு பற்றிய ஆய்வுகளில் பலவும் தினமும் சில நிமிடங்கள் வீதம் வாரக்கணக்கில் செய்தவர்களைப் பற்றியவை. மன அழுத்தம் ஓரளவு குறைவதாக அவற்றில் சில காட்டுகின்றன. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை நிமிடத்துக்குச் சுமார் ஐந்தரை மூச்சும், மற்றவர்களை 12 மூச்சும் என்று தினமும் பத்து நிமிடம் வீதம் நான்கு வாரம் செய்யச் சொன்னார்கள். இரு பிரிவினரின் மனநிலையிலும் முன்னேற்றம் தெரிந்தது. பிரிவுகளுக்கு இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமைதியாக உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதே அந்தப் பலனைத் தந்திருக்கலாம். எனவே அந்தக் குறிப்பை இப்படித் திருத்தலாம்: 'ஒரு நிமிட நிதானம். சிலருக்குப் பதற்றம் சற்றுத் தணியலாம். இது சிகிச்சை இல்லை. மருந்தை நிறுத்தாதீர்கள்.'

தவறான வாக்குறுதி எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கொரோனா காலத்தில் பார்த்தோம். பத்து நொடி இருமாமல் மூச்சை அடக்க முடிந்தால் தொற்று இல்லை என்ற செய்தி 2020-இல் உலகெங்கும் பரவியது. அது உண்மையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்ல வேண்டி வந்தது.

பயிற்சியின்போது தலை கிறுகிறுத்தாலோ விரல் நுனியும் உதடும் மரத்தாலோ, அளவுக்கு மீறி இழுத்து விடுகிறீர்கள் என்று பொருள். இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் அப்படி ஆகிறது. நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட்டால் பெரும்பாலும் சரியாகும். மூச்சைக் கவனிக்கும்போதே பதற்றம் கூடுபவர்களும் உண்டு. அவர்கள் இதைத் தொடர வேண்டியதில்லை. வண்டி ஓட்டும்போதும் நீருக்குள் இறங்குவதற்கு முன்பும் எந்த மூச்சுப் பயிற்சியும் வேண்டாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ வீடியோ பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். வீடியோ செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தலை சுற்றினால் நிறுத்தும்படி சொல்லும் வரியை யாரும் திறந்து பார்க்காத விளக்கப் பெட்டியில் ஒளிக்காமல் முதல் ஆறு நொடிக்குள் திரையிலேயே காட்டுங்கள்.